ஒழுகும் கூரையைப் பழுது பார்க்கச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கடிதம்: எந்த ஷரத்தைப் பிடிப்பது?

கீழவீதி | 8 செப்டம்பர் 2024

கும்பகோணத்தில் பழைய வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். முன்பக்கம் கூடமும் ஓர் அறையும் மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம். பின்பக்கம் சமையலறையும் தாழ்வாரமும் சீமை ஓடு. இரண்டும் சேரும் சுவரை ஒட்டிக் கூடத்துக்குள் ஒழுகுகிறது. சாயங்கால மழைக்கே இப்படி என்றால் ஐப்பசி அடைமழையில் கூடத்தில் படுக்க முடியாது. வாடகை 7,000 ரூபாய். முன்பணம் 21,000. ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, அடுத்த பிப்ரவரி கடைசியில் முடிகிறது. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியது, எங்கும் பதியவில்லை.

வீட்டுக்காரர் பெரியவர், திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் சொன்னால் "பார்க்கலாம்மா" என்கிறார். நல்ல மனிதர்தான், சண்டை போட விருப்பமில்லை. எழுத்தில் கேட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தில் இதற்குத் தொடர்பாக மூன்று ஷரத்துகள் இருக்கின்றன. அப்படியே தருகிறேன்:

4. சிறு பழுதுகளை வாடகைதாரர் தம் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டியது. கட்டிடத்தின் பெரிய பழுதுகளை உரிமையாளர் செய்து கொடுக்க வேண்டியது.

6. வீட்டைத் தற்போதுள்ள நல்ல நிலையிலேயே வைத்திருந்து, காலி செய்யும்போது அவ்வாறே ஒப்படைக்க வேண்டியது.

9. உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கட்டிடத்தில் எவ்வித மாறுதலும் செய்யக் கூடாது.

கூரை ஒழுகுவது பெரிய பழுது, 4-ஆவது ஷரத்தின்படி அவர் பொறுப்பு என்பது என் எண்ணம். என் வீட்டில் மற்றவர்கள் 6-ஆவது ஷரத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். கடிதத்தை எப்படி எழுதுவது?

டெல்டா பையன் | 8 செப்டம்பர் 2024

அக்கா, கடிதமெல்லாம் எதற்கு? வாடகையை நிறுத்துங்கள், மறுநாளே கொத்தனாரோடு வந்து நிற்பார். புதுச் சட்டத்தில் வாடகைதாரரே பழுது பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

பழைய குமாஸ்தா | 9 செப்டம்பர் 2024

தம்பி சொன்னதில் பின்பாதி சரி, முன்பாதி ஆபத்து. நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், வாடகை வழக்குக் கட்டுகள் நிறையத் தூக்கியிருக்கிறேன். கூரைக்காக வாடகையை நிறுத்தியவர்கள், கடைசியில் கூரையை விட்டுவிட்டு பாக்கிக்காக வெளியேறியதைப் பார்த்திருக்கிறேன். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, கேட்ட பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்ல அதுவே காரணம் ஆகிவிடும். வாடகையை நிறுத்துவது வேறு, பழுதுச் செலவைக் கழிப்பது வேறு.

கழிப்பதற்கு அதே சட்டத்தில் வழி இருக்கிறது. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அவர் செய்ய மறுத்தால் வாடகைதாரர் செய்து வாடகையில் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது. அம்மா வீட்டுக்கு அது மாதம் 3,500.

யார் எந்தப் பழுதுக்குப் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் இணைப்பு அட்டவணையிலேயே போட்டிருக்கிறார்கள். வாடகைதாரர் கெடுத்ததால் வந்தது தவிர, கட்டமைப்புப் பழுதுகள் உரிமையாளருடையவை. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்சு மாற்றுவது போன்றவை வாடகைதாரருடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் எழுதியதே நிற்கும். உங்கள் 4-ஆவது ஷரத்து அட்டவணையோடு ஒத்துத்தான் போகிறது, அது நல்லது.

இனி சங்கடமான விஷயம். அந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், www.tenancy.tn.gov.in என்ற தளம் அதற்குத்தான். உங்களுடையது பதியவில்லை. பதியாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டினால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அதனால் கடிதம் அந்த ஒரு காலில் மட்டும் நிற்கக் கூடாது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108-ஆவது பிரிவு, எஃப் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரர் செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம்.

இதில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, அறிவிப்பு. கடிதம் இல்லாமல் முதலில் பழுது பார்த்துவிட்டு அப்புறம் கணக்குக் காட்டினால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. இரண்டு, "கடமைப்பட்ட" பழுது. இந்தப் பழைய சட்டம் தானாக வீட்டுக்காரர் தலையில் கூரைப் பழுதைக் கட்டவில்லை. கடமை ஒப்பந்தத்திலிருந்து வர வேண்டும். அதனால்தான் உங்கள் 4-ஆவது ஷரத்தின் இரண்டாவது வாக்கியம் பொன் மாதிரி. கடிதம் அதில்தான் தொங்க வேண்டும், சட்டப் பிரிவுகள் பின்னால் வரட்டும்.

மாயவரம் வீட்டுக்காரர் | 9 செப்டம்பர் 2024

நானும் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன், எங்கள் தரப்பையும் கேளுங்கள். இந்தப் பழைய வீடுகளில் ஒழுகலில் பாதி மேலே யாரும் ஏறிப் பார்க்காததால் வருவது. வேப்பிலையும் முருங்கைச் சருகும் தூம்பில் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கி ஊறும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைக்கும். சிறிதாக இருக்கும்போது பிடுங்கினால் ஒரு நிமிட வேலை, இரண்டு வருடம் விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும். தூம்பு சுத்தம் செய்வது அட்டவணைப்படியே குடியிருப்பவர் வேலை. அந்தப் பெரியவர் "நீங்கள் சுத்தமாக வைத்திருந்தால் ஒழுகியிருக்காது, 6-ஆவது ஷரத்தைப் பாருங்கள்" என்று திருப்பி எழுதினால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

கீழவீதி | 10 செப்டம்பர் 2024

மாயவரம் சார் கேட்டது நியாயமான கேள்வி. தூம்பை நாங்கள் ஆடிக்கு முன்பே சுத்தம் செய்துவிட்டோம். ஆனால் அதற்கு என்ன அத்தாட்சி? நேற்று மறுபடி மேலே ஏறி தூம்பு, கைப்பிடிச் சுவர், ஓடு சேரும் இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது தூம்பு வழியே தெருப்பக்கம் விழுவதை வீடியோவாகவும் எடுத்து வைத்தேன்.

6-ஆவது ஷரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். "தற்போதுள்ள நல்ல நிலை" என்று நான் கையெழுத்துப் போட்டது பங்குனியில். வெயில் காலத்தில் எந்தக் கூரையும் நல்ல நிலையில்தான் தெரியும். குடிவரும்போதே கூடத்துச் சுவரில் பழுப்பு வரி இருந்தது, மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். குடிவந்த வாரம் பூஜை அறையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியதில் பின்னால் அந்த வரி தெரிகிறது. இது பயன்படுமா?

பழைய குமாஸ்தா | 10 செப்டம்பர் 2024

பயன்படும். தேதியோடு இருக்கும் படம் அது. ஒழுகல் நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தத் தேதியைக் கடிதத்தில் சொல்லுங்கள், படத்தை இணையுங்கள்.

நாச்சியார்கோவில் கொத்தனார் | 11 செப்டம்பர் 2024

சட்டம் எனக்குத் தெரியாது, கூரை தெரியும். அம்மா, எப்போது சொட்டுகிறது என்று கவனித்தீர்களா? மழை பிடித்தவுடன் சொட்டினால் திறந்த வழி இருக்கிறது என்று அர்த்தம். ஓடு நகர்ந்திருக்கும், அல்லது ஓடும் சுவரும் சேரும் இடத்தில் கலவைப் பட்டி விட்டிருக்கும். மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துச் சொட்ட ஆரம்பித்து, விடிய விடிய சொட்டினால் தளத்தின் மேல் உள்ள சுருக்கி, அந்தச் செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புக் கலவை, தண்ணீரைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் பதித்த தட்டோட்டின் சந்துகள் பொரிந்து போயிருக்கும். முதலாவது சின்ன வேலை, இரண்டாவது பெரிய வேலை. இது தெரியாமல் கூரையைச் சரி செய்யுங்கள் என்று எழுதினால் அவர் யாரையாவது அனுப்பி மேலே தார் பூசிவிட்டுப் போவார்.

தார், சிமெண்ட் பால் இரண்டும் வேண்டாம். சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமெண்ட் பூசினால் ஒரு கோடையில் வெடித்துவிடும், வெடிப்பில் இறங்கும் தண்ணீர் மேலே காய வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கடைசியில் உத்தரத்தின் முனை, சுவருக்குள் போகும் அந்த இடம்தான் மக்கும். உத்தரம் சுவரில் நுழையும் இடத்தில் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அன்றைக்கே அந்த அறையை விட்டு வந்துவிடுங்கள், அது ஒழுகல் கணக்கு இல்லை.

இன்னொன்று: தூம்பை அடைத்துத் தண்ணீர் நிறுத்திச் சோதிக்கச் சொல்வார்கள். கான்கிரீட் தளத்துக்கு அது சரி. மரம் தாங்கும் பழைய தளத்தின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றாதீர்கள்.

கீழவீதி | 13 செப்டம்பர் 2024

நேற்று மழை. கொத்தனார் அண்ணன் சொன்னபடி உட்கார்ந்து பார்த்தோம். இரண்டும் இருக்கிறது. மழை பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஓடு சேரும் சுவரோரம் தாரையாக இறங்கியது. கூடத்தின் நடுவில், மூன்றாவது உத்தரத்துக்குப் பக்கத்தில், ராத்திரி படுக்கப் போகும்போது ஈரம் தெரிந்து காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். உத்தர முனைகள் கெட்டியாக இருக்கின்றன, நிம்மதி.

உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை அழைத்து எழுத்தில் மதிப்பீடு வாங்கினேன். ஓடு சேரும் இடத்தில் 18 அடி நீளத்துக்கு ஓட்டைப் பிரித்து, வாட்டம் சரி செய்து, சுவரில் காடி வெட்டித் தகடு சொருகி, பட்டி போட 9,500. கூடத்துத் தளம் முழுவதும், 320 சதுர அடி, பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்க 24,000.

திருவாரூர் தேவி | 13 செப்டம்பர் 2024

எங்கள் வீட்டிலும் இதே ஒழுகல். நாங்கள் 3 லட்சம் கொடுத்து ஒத்திக்கு இருக்கிறோம். வாடகை கிடையாது. அக்கா எழுதும் கடிதத்தையே நானும் எழுதலாமா?

பழைய குமாஸ்தா | 14 செப்டம்பர் 2024

தேவி அம்மா, வேண்டாம். நீங்கள் வாடகைதாரர் இல்லை, சட்டத்தின் கண்ணில் அடமானம் பிடித்தவர். வீட்டை அனுபவிக்கும் ஒத்தியில், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அவசியமான பழுதுகளை வீட்டின் வருமானத்துக்குள் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் பக்கம்தான் சாயும். வீட்டை அழியாமல் காக்கச் செலவழித்ததை அசலோடு சேர்த்துக் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் முதலில் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

கீழவீதி அம்மாவுக்கு: இப்போது கணக்குப் போடுங்கள். 24,000-ஐ மாதம் 3,500 வீதம் கழித்தால் ஏழு மாதம் ஆகும். மழைக்கு முன் வேலை முடிந்து நவம்பர் வாடகையிலிருந்து கழிக்க ஆரம்பித்தாலும், ஒப்பந்தத்தில் மிச்சம் நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நான்கே மாதம். 14,000-தான் திரும்பி வரும். மீதி 10,000-க்கு அவர் தயவை எதிர்பார்க்க வேண்டும். சட்டப்படி கேட்கலாம், ஆனால் 10,000-க்குக் கோர்ட்டு ஏறுபவர் யார்? 9,500 என்றால் 3,500, 3,500, 2,500. ஜனவரியோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

அதனால் கடிதத்தில் இரண்டு வேலையையும் அவரைச் செய்யச் சொல்லுங்கள். அவர் செய்யாவிட்டால் நீங்களே செய்யப்போவதாகச் சொல்வது 9,500 வேலையை மட்டும். 9-ஆவது ஷரத்தையும் மறக்காதீர்கள். பழுது பார்ப்பது மாறுதல் ஆகாது என்பது என் வாதம். ஆனால் சுவரில் காடி வெட்டித் தகடு சொருகுவதை அவர் மாறுதல் என்று பிடித்துக்கொள்ளலாம். அதனால் அதற்கு அனுமதி கேட்டே எழுதிவிடுங்கள்.

மாயவரம் வீட்டுக்காரர் | 14 செப்டம்பர் 2024

24,000 வேலை பழுதா, வீட்டுக்குப் புது மெருகா? பொரிந்த சந்தை மட்டும் அடைத்தால் பழுது. முழுத் தளத்தையும் பெயர்த்துப் புதிதாகப் போட்டால் என் வீட்டின் மதிப்பு கூடுகிறது, சரிதான். ஆனால் 7,000 வாடகை வீட்டுக்கு அந்தச் செலவை எப்போது செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவன் நான். பழைய தட்டோடு உடையாமல் கிடைப்பதில்லை, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் ஊரில் ஒருவரோ இருவரோ. சம்பா நடவு தொடங்கிவிட்டால் சித்தாள்கூடக் கிடைக்க மாட்டார்கள். அந்தப் பெரியவர் வேண்டுமென்றே தட்டிக் கழிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாச்சியார்கோவில் கொத்தனார் | 15 செப்டம்பர் 2024

ஆள் விஷயம் உண்மை. அதோடு சுருக்கித் தளம் காய நாள் வேண்டும். புரட்டாசி முடிந்த பிறகு அதைத் திறந்தால் திறந்த தளத்தின் மேலேயே மழை விழும், இப்போது இருப்பதைவிடக் கேடு. இந்த வருடம் சேரும் இடத்தை மட்டும் முடியுங்கள், தளத்தின் மேல் தார்ப்பாய் விரியுங்கள். முழுத் தளம் மாசி, பங்குனியில்.

கீழவீதி | 16 செப்டம்பர் 2024

எல்லாரும் சொன்னதை வைத்து எழுதியது இது. முதலில் எழுதியதில் குளியலறைக் குழாய், பிள்ளையின் புத்தகங்கள் நனைந்தது, போனில் எத்தனை முறை சொன்னேன் என்பதெல்லாம் இருந்தது. குமாஸ்தா ஐயா தனியாகப் பார்த்து அடித்துவிட்டார். குழாய் எங்கள் பொறுப்பு, அதைக் கலந்தால் கூரையும் பேரம் பேசும் பொருளாகிவிடும் என்றார். பெயர், விலாசம் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.
>
> பொருள்: வீட்டின் கூரை ஒழுகலைச் சரி செய்து தரக் கோருதல்.
>
> தங்கள் வீட்டில் 1.4.2024 முதல் மாதம் ரூ. 7,000 வாடகைக்குக் குடியிருந்து, ஆகஸ்ட் மாதம் வரை வாடகையைப் பாக்கியின்றிச் செலுத்தி வருகிறேன்.
>
> கூரையில் இரண்டு இடங்களில் ஒழுகல் உள்ளது. (1) ஓட்டுக் கூரை கூடத்துச் சுவரோடு சேரும் இடத்தில், 18 அடி நீளத்துக்கு, மழை தொடங்கியவுடன் தண்ணீர் இறங்குகிறது. (2) கூடத்தின் நடுவே மூன்றாவது உத்தரத்தின் அருகில், மழை விட்ட பின் பல மணி நேரம் கசிகிறது. 12.9.2024 அன்று எடுத்த படங்களை இணைத்துள்ளேன். குடிவந்த முதல் வாரம் எடுத்த படத்திலும் அதே சுவரில் ஈரக்கறை தெரிகிறது, அதையும் இணைத்துள்ளேன். தூம்பு அடைப்பின்றி இருப்பதையும் தண்ணீர் தடையின்றி வடிவதையும் படத்தில் காணலாம்.
>
> நமது ஒப்பந்தத்தின் 4-ஆவது ஷரத்தின்படி கட்டிடத்தின் பெரிய பழுதுகளைத் தாங்கள் செய்து தர வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், மேற்கண்ட பழுதுகளைச் சரி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கொத்தனார் எழுதிக் கொடுத்த மதிப்பீடு இணைப்பில் உள்ளது. தாங்கள் வேறு ஆளை வைத்துச் செய்தாலும் சம்மதமே. வேலை நாளை முன்கூட்டிச் சொன்னால் வீட்டைத் திறந்து ஒத்துழைக்கிறேன்.
>
> தங்களால் அதற்குள் இயலாவிட்டால், முதல் இடத்துப் பழுதை மட்டும் ரூ. 9,500-க்கு மிகாமல் நானே செய்து, செலவை எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேற்படாமல் கழித்துக்கொள்ள உத்தேசித்துள்ளேன். இதற்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பழுது பற்றிய விதிகளும் இடம் தருகின்றன. சுவரில் காடி வெட்டித் தகடு பொருத்த 9-ஆவது ஷரத்தின்படி தங்கள் எழுத்து மூலமான அனுமதியையும் இத்துடன் கோருகிறேன்.
>
> தளத்தின் முழுப் பழுதை மழைக்காலம் முடிந்ததும் செய்வது பற்றித் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,

ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். படங்களை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அதற்கு முன் அவரைப் போனில் அழைத்து, "ஐயா, கணக்குக்காக ஒரு கடிதம் வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். வயதான மனிதருக்குத் தபால்காரர் கையெழுத்துக் கேட்டு ஒரு கடிதம் நீட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டெல்டா பையன் | 17 செப்டம்பர் 2024

அக்கா, கடிதம் ரொம்பப் பணிவாக இருக்கிறது. "தவறினால் சட்டப்படி நடவடிக்கை" என்று ஒரு வரி இல்லாமல் யார் அசைவார்கள்?

பழைய குமாஸ்தா | 17 செப்டம்பர் 2024

என்ன செய்யப்போகிறோம், எவ்வளவுக்கு, எந்த நாளுக்குப் பிறகு என்று சொல்லியாகிவிட்டது தம்பி. அதைவிடக் கனமான வரி கிடையாது. நாளைக்கு இந்தக் கடிதத்தை ஓர் அதிகாரி படித்தால் எந்தப் பக்கம் நியாயமாகப் பேசியது என்று அவருக்கே தெரியும்.

கீழவீதி | 29 செப்டம்பர் 2024

அட்டை திரும்பி வந்தது, 19-ஆம் தேதி வாங்கியிருக்கிறார். நேற்று பேசினார். கோபமில்லை, வருத்தம் இருந்தது. "பாதி நீங்கள், பாதி நான்" என்றார். தீபாவளி கழித்து வந்து பார்ப்பதாகவும் சொன்னார். தீபாவளி இந்த முறை அக்டோபர் 31, அதற்குள் மழை பிடித்துவிடும்.

பாதிக்கு ஒப்புக்கொண்டுவிடலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். 4,750 கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்டால் அடுத்து தளத்துக்கும் பாதி 12,000 என் பங்கு என்று ஆகிவிடும். கூரையில் எனக்குப் பங்கு உண்டு என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. 4-ஆவது ஷரத்தை அவருக்குப் படித்துக் காட்டி, "இதை நீங்கள்தானே ஐயா எழுதச் சொன்னீர்கள்" என்றேன். சிறிது நேரம் பேசவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மாயவரம் வீட்டுக்காரர் | 30 செப்டம்பர் 2024

பாதி பாதி என்பது இந்தப் பக்கத்து வழக்கம் அம்மா, அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. என் குடித்தனக்காரர்களும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டு வழக்கம் பேசுவது நிற்காது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கீழவீதி | 6 அக்டோபர் 2024

வாட்ஸ்அப்பில் பதில் வந்துவிட்டது. அவர் பேத்தி தட்டியிருக்க வேண்டும். "ஓடு சேரும் இடத்து வேலையை 9,500-க்குச் செய்துகொள்ளவும். நவம்பர் முதல் மூன்று மாதத்தில் கழித்துக்கொள்ளவும். தளம் பற்றிப் பிறகு பேசுவோம்." காடி வெட்டுவது பற்றி ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுத் தனியாக எழுதினேன், "சரி" என்று ஒரு சொல் வந்தது. போதுமா?

பழைய குமாஸ்தா | 6 அக்டோபர் 2024

கேள்வியும் பதிலும் அடுத்தடுத்து இருந்தால் போதும். திரையைப் படம் பிடித்து வையுங்கள், தேதி தெரியட்டும். வேலை முடிந்ததும் கொத்தனாரிடம் ரசீது வாங்குங்கள், தகடு, சிமெண்ட் வாங்கிய பில்லையும் சேர்த்து வையுங்கள். நவம்பர் வாடகை 3,500-ஐ வங்கி வழியே அனுப்பும்போது "நவம்பர் வாடகை, பழுதுச் செலவு 3,500 கழித்து" என்று குறிப்புப் போடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பின்னால் யாராவது அதைப் பாக்கி என்று எண்ணிவிடக் கூடாது.

கீழவீதி | 21 அக்டோபர் 2024

வேலை முடிந்தது. ஓட்டைப் பிரித்தபோது அடியில் இரண்டு ரீப்பர் மக்கியிருந்தது. மாற்ற 800 கூடுதல் ஆனது. கடிதத்தில் 9,500-க்கு மிகாமல் என்று எழுதியிருந்ததால் அந்த 800-ஐ அவரிடம் கேட்கவில்லை.

நாச்சியார்கோவில் கொத்தனார் | 21 அக்டோபர் 2024

ஓட்டுக் கூரையைப் பிரிக்காமல் ரீப்பர் நிலைமை யாருக்கும் தெரியாது அம்மா. மதிப்பீட்டிலேயே "மரம் மாற்ற நேர்ந்தால் தனி" என்று எழுதச் சொல்லியிருக்கலாம். மக்கிய துண்டை எறிந்துவிடாமல் அவர் வரும்போது காட்டுங்கள்.

கீழவீதி | 1 டிசம்பர் 2024

நவம்பர் கடைசி வாரம் டெல்டா முழுக்கக் கொட்டித் தீர்த்தது, ஃபெங்கல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஓடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு இல்லை. மூன்றாவது உத்தரத்தின் பக்கம் தார்ப்பாயையும் மீறிக் கொஞ்சம் கசிகிறது. பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு கை அகலம் பரவியிருக்கிறது. புதுக் கோடு போட்டுத் தேதி எழுதி, படத்தை வீட்டுக்கார ஐயாவுக்கு அனுப்பிவிட்டேன். "பங்குனியில் செய்துவிடலாம்" என்று பதில் வந்தது. பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிகிறதே, பங்குனி வேலையை எப்படிப் பிடித்து வைப்பது?

பழைய குமாஸ்தா | 2 டிசம்பர் 2024

புது ஒப்பந்தத்தில் எழுதுவதுதான் வழி. "கூடத்தின் தளத்தில் உள்ள கசிவை உரிமையாளர் 2025 மே மாதத்துக்குள் தம் செலவில் சரி செய்து தர வேண்டியது" என்று ஒரு ஷரத்து. 6-ஆவதில் "தற்போதுள்ள நல்ல நிலை" என்பதை எடுத்துவிட்டு, குடிவரும் நாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட படங்களில் உள்ள நிலை என்று போடுங்கள். இந்த முறை பதிந்துவிடுங்கள்.

மாயவரம் வீட்டுக்காரர் | 2 டிசம்பர் 2024

பதிவு சரி, படம் சரி. மே மாதத்துக்குள் என்று கெடு வைத்து எந்த வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட மாட்டார், நான் போட மாட்டேன். ஆள் கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவனாக நான் நிற்க வேண்டுமா? வாடகையை 500 கூட்டிக் கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள்.

கீழவீதி | 3 டிசம்பர் 2024

500 கூட்டினாலும் கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, தளம் எழுத்தில் வந்தால். கெடு பற்றி வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை. "மே மாதத்துக்குள், ஆள் கிடைக்காவிட்டால் இருவரும் பேசி ஆடிக்கு முன்" என்று எழுதினால் ஐயா இறங்கி வருவாரா என்று பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரும்போது கேட்கப் போகிறேன். மக்கிய ரீப்பர் துண்டைத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன், அதையும் காட்ட வேண்டும்.